ரெஸ்யூமில் நாலு ஸ்டார்

எக்செலுக்கு நாலு ஸ்டார், பைத்தானுக்கு முக்கால் பட்டை போட்டிருக்கீங்களா? அந்த பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. அந்த இடத்தில் எக்செல், பைத்தான்னு பெயர் மட்டும்தான் வரும். பட்டை வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது. ஐகான் ஃபான்ட் ஸ்டார்னா புரியாத கட்டங்களா வந்து விழும். கம்பெனிகளில் ரெஸ்யூமைப் படித்துப் பிரிக்கும் மென்பொருளான பார்சர் கையில் கிடைப்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஸ்டார் ஒழுங்காவே வந்தாலும், கொடுத்தது யாரு? நீங்களேதானே!

பதிலுக்கு இப்படி ஒரு வரி: "எக்செல், 3 ஆண்டுகள். பைவட் டேபிள், XLOOKUP வைத்து 12 கிளைகளின் மாத விற்பனை அறிக்கை தயாரித்தேன்." ஹெச்.ஆர். தேடுற வார்த்தைகளும் அனுபவமும் எழுத்தாவே இருக்கு. இப்போதான் கத்துக்கிற பைத்தானுக்கு "அடிப்படை, சிஎஸ்வி கோப்புகளைச் சுத்தம் செய்வேன்"னு போட்டா போதும்.