பேலன்ஸ்டு என்று எழுதிய காரியோடைப் அறிக்கை

மரபணு ஆலோசகராக நான் அதிக நேரம் செலவிடுவது ஒற்றை வரி அறிக்கைகளில்தான். மூன்று முறை கரு கலைந்த ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மனைவியின் காரியோடைப், அதாவது குரோமோசோம் பரிசோதனை அறிக்கையில் 46,XX. கணவருடையதில் 46,XY,t(4;10)(q27;q24). கீழே "பேலன்ஸ்டு டிரான்ஸ்லொகேஷன்" என்று இருந்தது.

"பேலன்ஸ்டுன்னா நல்லதுதானே மேடம்?" என்று கணவர் கேட்டார். அவர் கையில் இன்னொரு அறிக்கையும் இருந்தது. வேறு இடத்தில் மைக்ரோஅரே செய்து "நார்மல்" என்று வாங்கியிருந்தார். முதல் பரிசோதனை தப்பு என்றே முடிவுகட்டியிருந்தார்.

இரண்டுமே சரி. 46 என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கை. t என்றால் இடமாற்றம். நான்காம் குரோமோசோமின் நீளக்கை q27 பட்டையிலும், பத்தாவதன் நீளக்கை q24 பட்டையிலும் முறிந்து, நுனித் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. இரண்டு புத்தகங்களின் கடைசிப் பக்கங்களை மாற்றித் தைத்தது போல. பக்கம் எதுவும் குறையவில்லை, பேலன்ஸ்டு என்பது அதுதான்; அதனால் அவர் ஆரோக்கியமாக இருக்கிறார். மைக்ரோஅரே பக்கங்களை எண்ணிப் பார்க்கும், எந்தப் புத்தகத்தில் தைத்திருக்கிறது என்று பார்க்காது. அதனால்தான் நார்மல் என்றது. காரியோடைப்பில் ரத்தச் செல்களை வளர்த்து, குரோமோசோம்களையே நுண்ணோக்கியில் பார்ப்பதால் இடமாற்றம் தெரிகிறது. மிகச் சிறிய இழப்பு அதில் தப்பிவிடலாம் என்பதால், அரே செய்ததும் வீண் இல்லை.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. சாதாரண 4, சாதாரண 10 சேர்ந்து போனால் கரு முற்றிலும் இயல்பு. மாறிய இரண்டும் சேர்ந்து போனால் குழந்தையும் அப்பாவைப் போலவே இருக்கும். சாதாரண 4 உடன் மாறிய 10 போனால், நான்கின் நுனி ஒன்று கூடுதல், பத்தின் நுனி ஒன்று குறைவு. எதிர்மாறாகவும் நடக்கும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் கலைந்துவிடும். சில சமயம் குறைபாடுகளோடு பிறக்கவும் கூடும்.

காகிதத்தில் நான்கு வழிகளை வரைந்ததும், "அப்போ பாதிக்குப் பாதியா?" என்றார் மனைவி. இந்த இடத்தில் நான் எப்போதும் நிதானிப்பேன். நான்கும் சம வாய்ப்புள்ளவை அல்ல. முறிந்த இடம், துண்டின் நீளம், யாரிடம் மாற்றம் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். இடமாற்றம் உள்ள தம்பதிகளில் பலருக்கு இயற்கையாகவே நல்ல குழந்தை பிறக்கிறது. கலைந்த மூன்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தத் திசுக்கள் பரிசோதிக்கப்படவில்லை. ஆகவே ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், தைராய்டு, கருப்பை ஸ்கேன் எல்லாம் பாக்கியில்லாமல் பார்க்க வேண்டும்.

அவர்கள் ஐ.வி.எஃப். வழியாகக் கருவைப் பரிசோதித்து வைப்பதைவிட, இயற்கையாகவே முயல விரும்பினார்கள். சரி, கரு தங்கினால் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசு பரிசோதனை, அல்லது 16 வாரத்தில் பனிக்குட நீர் என்று எழுதிக் கொடுத்தேன். கலைந்தால் திசுவை ஃபார்மலினில் போடாமல் கிருமி நீக்கிய உப்புநீரில் அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தேன். அப்புறம் கணவர் தன் தங்கைக்குத் திருமணம் ஆகியிருப்பதாகச் சொன்னார்; அதே இடமாற்றம் தங்கையிடமும் இருக்கலாம் என்பதால் அவருக்கும் காரியோடைப் எழுதிக் கொடுத்தேன்.