ஆன்ட்டி கடைக்கு வந்த 380 ரிவ்யூவ நான் பிரிச்ச கதை

தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து மூணு வருஷம் ஆச்சு, சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆன்ட்டி வீட்டுக்குப் பின்னாடி இருக்குற தனி ரூம்ல வாடகைக்கு இருக்கேன். ஆன்ட்டிக்கு முக்கு ரோட்டுல பன்னி சௌ கடை. தெரியாதவங்களுக்கு: முழு பிரெட்ட கால்வாசியா வெட்டி, நடுவுல குடைஞ்சு, அதுல குழம்ப ஊத்தித் தருவாங்க. இங்க "குவார்ட்டர் மட்டன்"னு கேட்டா அதுதான், நம்ம ஊர் குவார்ட்டர் இல்ல.

ஒரு நாள் ஆன்ட்டி கூப்ட்டு, "தம்பி, கூகுள்ல இவ்ளோ பேர் எழுதிருக்காங்க, என்னதான் சொல்றாங்கன்னு பாத்துச் சொல்லேன், கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன், எதுல போடுறதுன்னு தெரியல"ன்னாங்க. அவங்களே மனசுல முடிவு பண்ணி வச்சிருந்தது இன்னொரு அடுப்பும் கவுன்ட்டர்ல ஒரு ஆளும், ஏன்னா நெறைய பேர் "லேட்டு லேட்டு"ன்னு எழுதிருந்தாங்க.

மொதல்ல ஸ்க்ரீன்ல இருந்து காப்பி பண்ண ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் வேஸ்ட் பண்ணேன். மேப்ஸ்ல தேதி இருக்காது, "2 வருஷம் முன்னாடி"ன்னுதான் காட்டும். அப்புறம்தான் கடையோட கணக்குல நுழைஞ்சு, நம்ம டேட்டாவ எறக்கிக்கத் தர்ற கூகுள் டேக்அவுட்ல எறக்குனேன், அதுல `createTime`னு சரியான தேதியே வருது. ஷீட்ல A-ல இருக்குற அத B-ல தேதியா மாத்த இது போதும்:

```
=DATEVALUE(LEFT(A2,10))
```

380ல 140 பேர் வெறும் ஸ்டார் மட்டும் குத்திட்டுப் போயிருக்காங்க, அத ஓரமா வச்சேன். மீதி 240ல ஒருத்தரே "கறி சூப்பர், ஆனா முக்கா மணி நேரம் நின்னேன், பிரெட் ஊறிப்போச்சு"ன்னு எழுதுறார், இத ஒரே தலைப்புல போட்டா ரெண்டு விஷயம் காணாம போயிடும். அதனால ஒரு விஷயத்துக்கு ஒரு வரின்னு உடைச்சேன், 410 வரி ஆச்சு. மொத அம்பது ரிவ்யூவுக்கு தலைப்பே வைக்காம அவங்க வார்த்தையவே பக்கத்துல குறிச்சுட்டு, அப்புறம்தான் தலைப்பு வச்சேன். "சர்வீஸ்"னு ஒண்ணு வச்சது பெரிய தப்பு, லேட்டானது, போன் ஆர்டர் மாறிப்போனது, கவுன்ட்டர்ல மொறைச்சதுன்னு எல்லாம் அதுக்குள்ள போய் விழுந்துச்சு, மூணா பிரிச்சப்புறம்தான் உருப்பட்டுச்சு.

நான் பிரிச்சது சரியான்னு பாக்க ஆன்ட்டி பொண்ணுகிட்ட 40 வரிய குடுத்து என்னோடத காட்டாம பிரிக்கச் சொன்னேன். 9 எடத்துல மாறுச்சு, பாதிக்கு மேல "சின்னதா இருக்கு"ங்குற வரிதான், நான் அளவுன்னு போட்டேன், அந்தப் பொண்ணு விலைன்னு போட்டுச்சு. இத்தனை ரேண்டுன்னு காசு கணக்கு சொல்லிருந்தா மட்டும் விலைன்னு ஒரு ரூல் எழுதிட்டு மறுபடி எல்லாத்தையும் பாத்தேன்.

எண்ணிப் பாத்தா ஆன்ட்டி சொன்னதுதான் மொதல்ல நிக்குது: லேட்டு 92 வரி. பிரெட் ஊறல், குழம்பு ஒழுகல் 48. அடுப்ப வாங்கிடலாம்னு நானும் சொல்லிருப்பேன், ஆனா லேட்டு வரிய மட்டும் எடுத்துப் படிச்சா அதுல பாதிக்கு மேல "கரன்ட் இல்ல, கார்டு மெஷின் ஓடல"ன்னு இருக்கு. அட, லோட்ஷெடிங்! 2023ல இங்க கிட்டத்தட்ட தெனமும் பல மணி நேரம் கரன்ட் போகும், 2024 மார்ச் கடைசியில நின்னுச்சு, 2025 மொத பாதியில சில தடவ தல காட்டிட்டுப் போச்சு.

உடனே 2024 ஏப்ரல் 1ல கோடு போட்டு ரெண்டா பிரிச்சேன் (தேதி B, தலைப்பு C):

```
=COUNTIFS(C:C,"லேட்டு",B:B,">="&DATE(2024,4,1))
```

முன்னாடி 230 வரி, பின்னாடி 180 வரி, ரெண்டும் ஒரே அளவு இல்லாததால நூத்துக்கு எத்தனைன்னு பாக்கணும். லேட்டு முன்னாடி 67, பின்னாடி 25, அதாவது நூத்துக்கு 29ல இருந்து 14க்கு எறங்கிருச்சு. பிரெட் ஊறல் முன்னாடி வெறும் 9, பின்னாடி 39, நாலுல இருந்து 22க்கு ஏறிருக்கு. காரணம் கேட்டா ஆன்ட்டியே சொல்லிட்டாங்க, அந்த வருஷ நடுவுலதான் வீட்டுக்கு டெலிவரி ஆரம்பிச்சாங்களாம். கடையில வாங்கினவுடனே திங்குற சாமான் அது, அரை மணி நேரம் பைக்ல போனா பிரெட்டோட அடி கரைஞ்சுதான் போகும்.

மிச்சம் இருந்த 25 லேட்டு வரியில எந்தக் கிழமைன்னு சொன்னவங்க எல்லாம் சனிக்கிழமைதான் சொல்லிருந்தாங்க. ரிவ்யூ போட்ட தேதிய நம்பிக் கிழமை கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, சாப்ட்டு நாலு நாள் கழிச்சு எழுதுறவங்க நெறைய. இன்னொண்ணு, எதுவும் எழுதாம வர்றத நிறுத்திட்டவங்க இந்தக் கணக்குலயே இல்ல, அத ஆன்ட்டிகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்.

அடுப்பு வாங்கல. டெலிவரிக்கு மட்டும் குழம்ப மூடி போட்ட டப்பாவுல தனியா, குடைஞ்ச பிரெட் தனியா, சனிக்கிழமைக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன். "பிரெட்டுல ஊத்தித் தரலன்னா அது பன்னியே இல்ல தம்பி"ன்னு ஆன்ட்டி ஒரு வாரம் மொணமொணத்தாங்க. இப்ப புதுசா வந்த ரிவ்யூ ஒண்ணுல ஒருத்தர், டப்பா மூடியத் தெறக்கவே முடியலன்னு ரெண்டு ஸ்டார் போட்டிருக்கார், அதுக்கு ஒரு தலைப்பு போட்டு வச்சிருக்கேன்.