60 கூடைகள், 58,800 ரூபா

கொட்டாஞ்சேனையில் அண்ணாவின் பலசரக்குக் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பாலும் யோகட்டும் தந்துகொண்டிருந்த விநியோகஸ்தரை 2025 மே மாதத்தோடு நிறுத்தினோம். கடைசி லோட் மே 19 வந்தது. அவர்களுடைய நீலப் பிளாஸ்டிக் கூடைகளுக்காகக் கட்டிய வைப்புப் பணத்தைத் திரும்ப எடுக்க அதற்குப் பிறகு இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் எல்லா பில்களிலும் உள்ள கூடைகளைக் கூட்டிப் பார்த்தேன். இலக்கம் ஆயிரத்துக்குக் கிட்டப் போனதே தவிர ஒன்றும் விளங்கவில்லை. லொறி வரும்போது நிறைந்த கூடை 24 இறக்கி வெறுங்கூடை 24 ஏற்றினால் கணக்கில் எதுவும் மாறாது. நம்மிடம் நிற்கும் கூடைகள் கூடும்போது மட்டும்தான் வைப்புப் பணம் வாங்குகிறார்கள். ஆகவே தேட வேண்டியது வைப்புப் பணம் கட்டிய நாட்களை மட்டுமே. எங்களுக்கு அப்படி இரண்டு நாட்கள் இருந்தன. 2024 ஜனவரியில் கணக்குத் திறந்தபோது 40 கூடைக்கு, ஒன்று 900 ரூபாப்படி 36,000. அதே வருடம் ஒக்டோபரில் தீபாவளி வியாபாரத்துக்கு மேலும் 20 எடுத்தோம். அதற்குள் விலை 1,200 ஆகியிருந்தது, அதனால் 24,000. மொத்தம் 60 கூடை, 60,000 ரூபா. ஜனவரிப் பணத்துக்குத் தனி ரசீது இருந்தது. ஒக்டோபர்ப் பணம் பால் பில்லின் அடியில் ஒரே ஒரு வரியாக இருந்ததால் அந்தப் பில்லைத் தேடியெடுக்க ஒரு முழுப் பின்னேரம் போனது.

வெறுங்கூடைகளை மூன்று திங்கட்கிழமைகளில் அனுப்பினோம். மே 26 அன்று 22, ஜூன் 2 அன்று 18, ஜூன் 9 அன்று 16. ஒவ்வொரு முறையும் சாரதியின் கையெழுத்தோடு துண்டு வாங்கி வைத்தேன். 56 கொடுத்தாயிற்று என்று இருந்தபோது ஜூன் 20 அவர்களுடைய கணக்குக் கூற்று வந்தது. அதில் வரவு 40 மட்டுமே.

கணக்குப் பிரிவுக்கு எடுத்தேன். தமிழ் பேசும் பிள்ளை ஒருவர் இருந்தார். “அண்ணா, உங்கட பெயர்ல 16 இங்க விழவே இல்ல. துண்டு இருக்கா?” என்றார். துண்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஜூன் 9ஆம் திகதிக்குத் தேடி இல்லை என்றார். மறுநாள் பொசன் போயா, களஞ்சியம் பூட்டு. 9ஆம் திகதி பின்னேரம் போன லொறியை 11ஆம் திகதிதான் இறக்கியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. “தங்கச்சி, 11ஆம் திகதி கேற் புத்தகத்தைப் பாருங்க, 16 என்ற எண்ணிக்கையைத் தேடுங்க” என்றேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தார். வத்தளையில் எங்கள் கடைப் பெயரிலேயே இன்னொரு கடை இருக்கிறது. 16 கூடையும் அவர்களுடைய கணக்கில் ஏறியிருந்தன. துண்டில் சாரதி கடைப் பெயரை மட்டும் எழுதியிருந்தார், வாடிக்கையாளர் இலக்கம் இல்லை. அதை நான் அங்கேயே எழுதுவித்திருக்க வேண்டும்.

மீதி நான்கில் இரண்டு உடைந்து பின்னறையில் கிடந்தன. பக்கத்தில் அச்சு தெரிந்தால் உடைந்ததையும் எடுப்போம் என்றார்கள். இன்னொன்று பக்கத்து இடியப்பக் கடையில் தேங்காய் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றையும் ஜூன் 25 நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காவது கிடைக்கவில்லை. அதன் இடத்தில் அதே நீலத்தில் வேறு கம்பனியின் கூடை ஒன்று நின்றது. யாரோ ஏற்றும்போது நிறத்தை மட்டும் பார்த்து மாற்றிவிட்டார்கள்.

பிறகு விலைப் பிரச்சினை. 59 கூடைக்கு 900 ரூபாப்படி 53,100 தருவதாகச் சொன்னார்கள். இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. 20 கூடைக்கு நாங்கள் 1,200 கட்டியிருக்கும்போது அதை 900க்குத் திருப்ப முடியாது. கடிதம் எழுதினேன். வாடிக்கையாளர் இலக்கம், வைப்புப் பணம் கட்டிய இரண்டு திகதிகள், நான்கு ஒப்படைப்புத் திகதிகளும் எண்ணிக்கையும் துண்டு இலக்கமும், கடைசியில் கேட்கும் தொகை. தொலைந்த ஒன்றை நாங்களாகவே கூடிய விலையில் கழித்தோம்: 60,000இல் 1,200 போக 58,800. அடுத்த பில்லில் கழித்துத் தருவதுதான் அவர்கள் வழக்கம். எங்களுக்கு இனி அடுத்த பில் இல்லை, ஆகவே காசோலையாக வேண்டும் என்றும் தனி வரியில் எழுதினேன். ஒக்டோபர்ப் பில்லின் பிரதியை இணைத்தேன். அது இல்லாவிட்டால் 1,200 கட்டியதற்கு எங்களிடம் வேறு அத்தாட்சியே இல்லை.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை, 58,800 ரூபாவுக்குக் காசோலை வந்தது. அந்த வேறு கம்பனிக் கூடையின் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்து அவர்களுக்கும் சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் வந்து எடுத்துப் போனார்கள். எங்களுடையது அவர்களிடமும் இல்லை.