வாடகைக்காரர் போனார், வாடகை போகவில்லை: இரண்டாம் வீட்டுச் சொத்து வரியோடு நான் பட்ட பாடு

அபராதக் கடிதத்தைப் பார்த்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 240 சிங்கப்பூர் வெள்ளி. தப்பு முழுக்க என்னுடையது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் என் பெயரில் ஒரு நான்கறை அரசு அடுக்குமாடி வீடு, அதாவது வீவக வீடு. மனைவி அதில் குடியிருப்பாளர் மட்டும்தான், உரிமையாளர் இல்லை. ஐந்தாண்டுக் குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்த பிறகு, மனைவி பெயரில் மட்டும் ஒரு சின்ன தனியார் அடுக்குமாடி வீடு, கொண்டோ, வாங்கினோம். அவர் பெயரில் வேறு வீடு இல்லாததால், இரண்டாவது வீடு வாங்குவோருக்கான கூடுதல் முத்திரை வரி விழவில்லை. “ஆளுக்கு ஒரு வீடு, ரெண்டு பேருக்கும் முதல் வீடு, கவலையே இல்லை” என்றார் வீட்டு முகவர். முத்திரை வரியைப் பொறுத்தவரை அது சரி. அதே கணக்கு சொத்து வரிக்கும் ஓடும் என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் வினை.

கொண்டோவை முதலில் வாடகைக்கு விட்டிருந்தோம். அப்போது சொத்து வரி அதிகம், அதில் எனக்கு வருத்தமில்லை. வாடகை வருகிறது, கட்டுகிறோம். கட்டிய சொத்து வரியை வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் முடிந்தது. 2024 நடுவில் வாடகைக்காரர் காலி செய்தார். மகளின் பள்ளி அங்கிருந்து நடக்கும் தூரம் என்பதால் வார நாள்களில் நாங்களே அங்கு தங்க ஆரம்பித்தோம். சனி, ஞாயிறு செங்காங்கில் அம்மாவோடு. இரண்டு வீட்டிலும் எங்கள் செருப்பு, இரண்டு வீட்டிலும் எங்கள் இட்லிச் சட்டி. இனி வரி குறைந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

டிசம்பரில் 2025க்கான பில் வந்தது. கொண்டோவின் ஆண்டு மதிப்பு 36,000 வெள்ளி. வரி 4,800 வெள்ளி. ஒரு காசு வாடகை வராத வீட்டுக்கு!

மனைவி அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து, உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான சலுகை வீதத்துக்கு விண்ணப்பித்தார். தகுதி இல்லை என்று பதில். காரணம், கணவரின் செங்காங் வீட்டுக்கு அந்தச் சலுகை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அது. பத்திரம் தனித்தனிப் பெயரில் இருந்தாலும், இரண்டிலும் நிஜமாகவே குடியிருந்தாலும் ஒன்றுதான். முத்திரை வரிக்கு நாங்கள் இரண்டு பேர், சொத்து வரிக்கு ஒரே ஆள். இதை யாராவது கொண்டோ வாங்கும் முன் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

இங்கேதான் அடுத்த தவற்றைச் செய்தேன். ஆண்டு மதிப்பு என்பது வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு. எங்களுக்கு வாடகையே இல்லையே, அப்படியென்றால் மதிப்பு பூஜ்யம்தானே என்று எனக்குள் ஒரு வக்கீல் கிளம்பினார். “இந்த வீட்டில் நாங்களே குடியிருக்கிறோம், வாடகை வருமானம் இல்லை” என்று ஒரு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்பினேன். ஆட்சேபம்தான் நிலுவையில் இருக்கிறதே என்று பில்லையும் கட்டாமல் வைத்திருந்தேன். ஜனவரி 31 கடந்தது. 4,800க்கு ஐந்து விழுக்காடு, அதுதான் அந்த 240. ஆட்சேபம் போட்டாலும் வரியை முதலில் கட்டத்தான் வேண்டும். மதிப்பு குறைந்தால் பிறகு திருப்பித் தருவார்கள். ஆட்சேபம் எழுதும் எல்லாரும் இதை முதலில் நெற்றியில் எழுதிக்கொள்ளுங்கள். அல்லது என்னைப் போலில்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் பன்னிரண்டு தவணையாகப் போட்டுவிடுங்கள், வட்டி கிடையாது.

வரி அலுவலகத்தில் நேரில் பேசிவிடலாம் என்று அரைநாள் விடுப்பு எடுத்துப் போனேன். முன்பதிவு இல்லாமல் பார்க்க மாட்டார்கள் என்பது வாசலில்தான் தெரிந்தது. திரும்பி வந்து முன்பதிவு செய்து மறுபடி போனேன். எதிரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொன்னார்: “இது நீங்கள் வாங்கும் வாடகைக்கான வரி இல்லை சார்.”

அந்த வாக்கியம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாடகை வருமானத்துக்கு வருமான வரி தனியாக இருக்கிறது, வாடகை வந்தால்தான் அது. சொத்து வரி சொத்தை வைத்திருப்பதற்கான வரி. வீட்டின் அளவை ஒரு தொகையாக்க அவர்கள் பிடித்திருக்கும் முழம்தான் இந்த அனுமான வாடகை. வீட்டை வாடகைக்கு விட்டாலும், நாமே இருந்தாலும், பூட்டி வைத்தாலும் முழம் நீளுவதுமில்லை, குறைவதுமில்லை. காலியாக இருக்கும் வீட்டுக்கு முன்பு வரியைத் திருப்பித் தரும் வழி ஒன்று இருந்தது. 2014 ஜனவரி முதல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சரி, சொந்த வீட்டில் இருப்பவருக்கு எதற்கு வாடகைக் கணக்கு என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. இதே கொண்டோவில் வேறொரு குடும்பம் இருந்தால் மாதம் மூவாயிரம் கொடுத்திருக்கும். நாங்கள் கொடுக்கவில்லை, ஆனால் அதே சுகத்தை அனுபவிக்கிறோம். தலைக்கு மேல் ஒரு கூரை எல்லாருக்கும் வேண்டும் என்பதால் ஒரு வீட்டுக்குச் சலுகை. இரண்டாவது கூரை விருப்பம், எனவே அதை வாடகைக்கு விட்ட வீட்டைப் போலவே பார்க்கிறார்கள். நியாயம்தான் என்று மூளை சொல்கிறது. மகளின் பள்ளிக்காக அங்கே இருக்கிறோம், ஆடம்பரத்துக்கா என்று மனசு முனகுகிறது. முனகலுக்கு விண்ணப்பப் படிவம் இல்லை.

ஊரில் இருக்கும் மச்சானிடம் புலம்பினேன். “இங்க ரெண்டு வீடு வரைக்கும் சும்மா விட்டுட்டாங்களே மாமா” என்றார். உண்மைதான். இந்தியாவில் 2019-20 நிதியாண்டு முதல் வருமான வரியில் இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம், அனுமான வாடகை மூன்றாவதிலிருந்துதான். அதற்கு முன் அங்கேயும் இரண்டாவது வீட்டிலேயே தொடங்கிவிடும். ஆனால் அது வருமான வரி, இது சொத்து வரி. ஒன்றை மற்றதோடு குழப்பியதுதான் என் ஆட்சேபக் கடிதம்.

எதிர்பார்த்தபடியே ஆட்சேபம் தள்ளுபடி. அதே கட்டடத்தில் அதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதுதான் அவர்களுக்கு ஆதாரம். தனியார் வீடுகளின் வாடகை ஒப்பந்தத் தொகைகளை நகரச் சீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நான் அதை ஆட்சேபம் எழுதிய பிறகுதான் பார்த்தேன். எங்கள் மாடியிலேயே மாதம் 3,600க்குப் போயிருந்தது. அதில் மேசை நாற்காலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் உரிய பங்கைக் கழித்தால்தான் ஆண்டு மதிப்பு, கழித்துப் பார்த்தால் எங்கள் 3,000 ஒன்றும் கூடுதல் இல்லை. பக்கத்து வீடுகள் உங்கள் மதிப்பைவிடத் தெளிவாகக் குறைந்த வாடகைக்குப் போயிருந்தால் மட்டும் எழுதுங்கள். வாடகையே வாங்கவில்லை என்பது வாதமே இல்லை. மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து 30 நாள் கெடு.

திருப்பம் தொலைபேசியில் வந்தது. வேறொரு சந்தேகத்துக்காக வரி அலுவலகத்தை அழைத்தபோது பேசிய பெண் அதிகாரி, நான் கேட்காமலேயே ஒன்று கேட்டார்: “நீங்க எந்த வீட்டுல அதிகம் தங்குறீங்க?” கொண்டோவில் என்றேன். “அப்புறம் ஏன் சலுகை செங்காங்ல இருக்கு?”

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சலுகை ஒரு வீட்டுக்குத்தான், ஆனால் அது எந்த வீடு என்பது உண்மையில் எங்கே வசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அன்றிரவே மகளின் கணக்கு நோட்டில் உட்கார்ந்து போட்டேன். ஒருமுறைத் தள்ளுபடிகளை விட்டுவிடுகிறேன்.

செங்காங் வீட்டின் ஆண்டு மதிப்பு 14,400. சலுகை வீதத்தில் 2025இலிருந்து முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 28,000க்கு 4 விழுக்காடு. எனவே அங்கே மிச்ச 2,400க்கு 96 வெள்ளிதான். கொண்டோவுக்குச் சாதாரண வீதம்: முதல் 30,000க்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் உள்ள 6,000க்கு 20 விழுக்காடு. 3,600உம் 1,200உம் சேர்ந்து அந்த 4,800. இரண்டு வீட்டுக்கும் 4,896.

சலுகையைக் கொண்டோவுக்கு மாற்றினால் அங்கே 12,000 போக மிச்சம் 24,000க்கு 4 விழுக்காடு, 960. செங்காங் வீடு சாதாரண வீதத்துக்குப் போகும், 14,400க்கு 12 விழுக்காடு, 1,728. மொத்தம் 2,688. வருடத்துக்கு 2,208 வெள்ளி மிச்சம்! 96 வெள்ளி பில்லைப் பார்த்து ‘வீவக வீட்டுக்கு எவ்வளவு மலிவு’ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். சலுகையின் பெரும்பகுதியை அங்கே வீணடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, குடியிருக்காத பெரிய வீட்டுக்குச் சலுகையை மாற்ற யாரும் ஓட வேண்டாம். உரிமையாளர் உண்மையில் அங்கே வசிக்க வேண்டும். அம்மாவோ தம்பியோ குடியிருந்தால் அது உரிமையாளர் குடியிருப்பு ஆகாது.

மாற்றுவதிலும் ஒரு சின்ன முள். எங்கள் அடையாள அட்டைகளில் இன்னும் செங்காங் முகவரிதான். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாரக் கடைசியில் அங்கே போகிறோமே என்று சோம்பலாக விட்டிருந்தோம். முதலில் அதை மாற்றினோம். பிறகு கொண்டோவின் மின்கட்டணப் பில்களை எடுத்து வைத்து விண்ணப்பித்தோம். வாடகைக்காரர் போன மாதத்திலிருந்து எங்கள் பெயரில், ஐந்து நாள் குளிர்சாதனப் பெட்டி ஓடிய வீட்டின் பில்கள். இந்த முறை ஒப்புதல் வந்துவிட்டது.

இப்போது செங்காங் வீட்டின் பில்தான் பெரியது. வார இறுதியில் போனபோது அம்மா கடிதத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா தம்பி, நான் இருக்கிற வீட்டுக்கு வாடகை எவ்வளவுன்னு கணக்குப் போட்டது யாரு?”

மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.