எலி மறந்ததா, ஓடியதா?

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் தேர்வாளர் இடத்தில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார்.

என் ஆய்வேட்டின் மையம் எளிமையானது. ஒரு பெட்டிக்குள் சுண்டெலிக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், மறுநாள் அதே பெட்டியில் விட்டதும் அது பயத்தில் உறைந்து நிற்கும். அப்போது, மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியை, ஒளி பட்டால் நரம்பணுக்களை அடக்கும் புரதம் ஒன்றின் உதவியோடு ஒளி பாய்ச்சி அடக்கினேன். உறைந்து நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. இடத்தோடு சேர்ந்த பயம் நினைவுக்கு வர ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

“எலி எதையும் மறக்கவில்லை, சும்மா கூடுதலாக ஓடியது என்று நான் சொன்னால்?” என்றார்.

நியாயமான கேள்வி. ஹிப்போகாம்பஸ் பழுதான விலங்குகள் அதிகமாக நடமாடும் என்பது பழைய செய்தி. ஓடும் எலி உறைந்து நிற்காது. எலியை வெறும் பெட்டியில் விட்டு நடமாட்டத்தை அளக்கும் திறந்தவெளிச் சோதனையில் ஒளி இருந்தபோதும் இல்லாதபோதும் நடந்த தூரத்தில் வேறுபாடு இல்லை என்று பதில் சொன்னேன். “எட்டு எலிதானே? எவ்வளவு வேறுபாடு இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்?”

அன்று இரவு, உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியைக் கணக்கிட்டேன். நடமாட்டம் கால்வாசி கூடியிருந்தாலும் என் தரவு அதை மறுக்காது. ‘வேறுபாடு இல்லை’ என்று நான் எழுதியது தவறு. ‘வேறுபாடு தென்படவில்லை’ என்பதுதான் சரி. அந்த வரியைத் திருத்தக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: ஓட்டம்தான் காரணமென்றால் வேறு எங்கே அது தெரிய வேண்டும்? மின்னதிர்ச்சிக்கு முன் ஒலித்த மணியோசையை வேறொரு பெட்டியில் கேட்டாலும் எலி உறையும். அதற்கு மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா வேண்டும், ஹிப்போகாம்பஸ் பெரும்பாலும் வேண்டாம். வெறும் ஓட்டமாக இருந்தால் அங்கேயும் உறைவு குறைந்திருக்க வேண்டும். அதே எலி, அதே ஒளி, குறையவில்லை. இந்தத் தரவைப் பின்னிணைப்பில் போட்டு வைத்திருந்தேன்!

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மணியோசைக்கு எழும் பயம் பலமானது. சிறிய ஓட்டத் தூண்டுதல் அதை அசைக்காமல் போயிருக்கலாம். அதனால் ஆரம்பத்தில் மிதமாகவே உறைந்த எலிகளை மட்டும் தனியாகப் பார்த்தேன். மூன்றுதான் தேறின. அவற்றிலும் குறையவில்லை, ஆனால் மூன்றை வைத்து வாதாட முடியாது.

ஒளியின் சூடுதான் உறைவைக் குறைத்ததோ என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடக்கும் புரதம் இல்லாமல் ஒளிரும் புரதம் மட்டும் கொண்ட எலிகளுக்கும் அதே ஒளியைப் பாய்ச்சியிருந்தோம்.

வைவாவில் ஓட்டக் கேள்விதான் முதலில் வந்தது. மணியோசை வரைபடத்தைக் காட்டி, அதன் ஓட்டையையும் நானே சொன்னேன். 1997-இல் மெக்னிஷ் குழு, ஹிப்போகாம்பஸ் பழுதான எலிகளில் உறைவு குறைந்தாலும் திடீர் ஓசைக்குத் திடுக்கிடலில் அளந்த பயம் குறையவில்லை என்று காட்டியதையும் சொன்னேன். “அப்படியானால் நீங்கள் திடுக்கிடலை அளந்தீர்களா?” என்று தேர்வாளர் கேட்டார். “இல்லை. அளக்காதவரை, உறைவு குறைந்தது என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்வேன்” என்றேன். அவர் தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.