வெண்ணெயை வெளியே எடுங்கள்

நேரலைச் சமையல் வகுப்புக்கு எழுதும் நினைவூட்டல்களில் பெரும்பாலும் ஒரே செய்தியே திரும்பத் திரும்ப வரும்: நாளை வகுப்பு, இன்று வகுப்பு, இன்னும் பத்து நிமிடத்தில் வகுப்பு. பேச்சுக்கும் கச்சேரிக்கும் இது போதும். கூடவே சமைக்கப்போகிறவருக்குப் போதாது. வகுப்பு தொடங்கும்போது அவர் அடுப்படியில் சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். அந்த வேலைகளின் நேரம்தான் நினைவூட்டலின் நேரம்.

வெண்ணெய் பிஸ்கட் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை 5 மணி, 75 நிமிடம். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம். ஒன்று, இரண்டு, மூன்று என்பதால் அறிவிப்பிலேயே மனதில் நின்றுவிடும். மாவு பிசைய 15 நிமிடம், ஃபிரிட்ஜில் குளிரவைக்க 30 நிமிடம், மீதியில் வெட்டி, 180 டிகிரியில் சுட்டு எடுக்கலாம்.

முதல் அறிவிப்பை ஐந்து நாள் முன்னதாகப் போடுகிறோம். பொருள் வாங்க அவகாசம் வேண்டுமே. கூடவே செய்யலாமா, பார்த்தால் மட்டும் போதுமா, ஓவன் கட்டாயமா, பதிவு பிறகு கிடைக்குமா என்ற நான்குக்கும் அதிலேயே பதில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதே கேள்வி வகுப்பு நாள்வரை வந்துகொண்டிருக்கும். கோதுமையும் பாலும் சேர்வதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் வகுப்பு நடுவில் தெரிந்துகொள்ளக் கூடாது.

வகுப்பையே கெடுப்பது வெண்ணெய். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்த வெண்ணெய் சர்க்கரையோடு குழையாது, கட்டிகட்டியாக நிற்கும். பதறிப்போய் மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் உருகிவிடும். அந்த மாவில் செய்த பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டும். அதனால் முக்கியமான நினைவூட்டல் 4 மணிக்குப் போவதுதான்:

“வெண்ணெயை இப்போது வெளியே எடுங்கள். 200 கிராம், சிறு துண்டுகளாக. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் ஒரு தட்டுக்கு இடம் ஒதுக்குங்கள். வகுப்பு சனி மாலை 5:00.”

வேலை முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. கைபேசித் திரையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அங்கே “அன்பான உறவுகளே” என்று தொடங்கினால் வெண்ணெய் ஃபிரிட்ஜிலேயே கிடக்கும். எத்தனை நிமிடம் என்பதைவிட விரல் சோதனை முக்கியம். வெயில் காலச் சமையலறையில் அரை மணியிலேயே இளகிவிடும், குளிரில் ஒரு மணி நேரம்கூடப் பற்றாது. ஓவனைச் சூடாக்கச் சொல்வது இதில் இல்லை. மாவு குளிரும் அரை மணியில் அதைச் செய்துகொள்ளலாம்.

“இன்னும் ஒரு மணி நேரத்தில்” என்று எழுதுவதில்லை. அந்தப் பதிவை ஒருவர் 4:40க்குப் பார்த்தால் 5:40க்குத்தான் வருவார். “நாளை” என்பதும் அப்படியே. கிழமையும் மணியும் போதும். பல நாட்டவர் வருவதானால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

கடைசிப் பதிவு 4:50க்கு, இணைப்புக்காக மட்டும். தவறு அதிகம் நடக்குமிடமும் இதுதான். யூடியூபில் முன்கூட்டியே திட்டமிட்ட நேரலைக்கு ஒரு இணைப்பு கிடைக்கும். பதற்றத்தில் அதைத் திறக்காமல் புதிதாக ஒரு நேரலையைத் தொடங்கிவிட்டால் அதற்கு வேறு இணைப்பு. பழைய பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நடத்துபவரோ ஏன் யாரும் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, studio.youtube.com என்று தொடங்கும் முகவரியை நகலெடுத்துப் போட்டுவிடுவது. சேனலை நிர்வகிப்பவருக்கு நன்றாகத் திறக்கும், பார்வையாளருக்குத் திறக்காது. எனவே கணக்கில் நுழையாத ஒரு சாளரத்தில் இணைப்பைத் தட்டிப் பார்த்த பிறகே பதிவிட வேண்டும். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் போட்ட இணைப்பைத் தட்டினால் திறக்காது. ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கராக வைக்க வேண்டும். சேனலின் முதல் நேரலை என்றால் அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அறிவிப்புக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

தாமதமானால் மன்னிப்பு ஒரு சொல்லில் முடியட்டும். அந்த நேரத்தில் வெண்ணெய் இளகிக்கொண்டிருக்கிறது:

“மன்னிக்கவும், தொடக்கம் 5:15. அதே இணைப்பு. வெண்ணெய் பளபளத்தால் ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.”