குதிரையில் ஒருவர்தான்

"இந்தக் குதிரையில் ஒருவர்தானே இருக்கிறார்?"

அவர் கேட்டது இவ்வளவுதான். அன்றைய டாரட் சீட்டு வாசிப்பு முழுவதிலும் அவர் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி. நான் சட்டென்று பதில் சொன்னேன்: "படத்தில் ஒருவர்தான். ஆனால் நீங்கள் இருவரும் சேர்ந்து போகிறீர்கள் என்றுதான் பொருள்." அவர் தலையசைத்தார். அவருடைய துணைவி சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சீட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். பல மாதங்கள் ஆன பிறகும் அந்தப் பதிலை நான் மனத்துக்குள் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

மறைத்து வைத்த தங்கள் உறவை எல்லோருக்கும் அறிவித்தால் எப்படிப் போகும் என்று கேட்க வந்திருந்தார்கள். நான் பரப்பிய விரிப்பு எளிமையானது, ஐந்து சீட்டுகள். முதலாவது, இருவருக்கும் இடையில் இருப்பது. இரண்டாவது, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததன் காரணம். மூன்றாவது அவள், நான்காவது அவர். ஐந்தாவது, நண்பர்களிடமும் உறவினர்களிடமும் சொல்லும்போது என்ன நடக்கும் என்பது. முதல் இடத்தில் டூ ஆஃப் கப்ஸ் வந்தது. இருவர் எதிரெதிரே நின்று கோப்பை நீட்டும் சீட்டு. அதில் சொல்ல எதுவும் இல்லை, இருவரையும் பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது இடத்தில் எய்ட் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், கண்ணும் உடலும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே நிற்கும் பெண். பிறர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் என்று வாசித்தேன். மூன்றாவது இடத்தில் அவளுக்குக் குயின் ஆஃப் வாண்ட்ஸ். நான்காவது இடத்தில் அவருக்கு ஹெர்மிட், துறவியின் சீட்டு. ஐந்தாவதாக, நேராக, சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ், ஆறு கோல்களின் சீட்டு.

அறிவிப்பைப் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல சீட்டு கிடைப்பது அரிது. 1909-இல் வெளியான ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டில் பமேலா கோல்மன் ஸ்மித் இதற்கு ஓர் ஊர்வலத்தை வரைந்தார். தலையில் வாகை சூடிய ஒருவர் குதிரைமேல் வருகிறார். அவர் ஏந்திய கோலின் நுனியிலும் ஒரு வாகை வளையம். பக்கத்தில் நடந்து வருபவர்களிடம் மற்ற ஐந்து கோல்கள். அந்தக் கட்டை அவரோடு சேர்ந்து உருவாக்கிய வெயிட் இதற்குச் சொன்ன பொருள்களில் வெற்றி மட்டுமல்ல, பெரிய செய்தியும் உண்டு: அரசனின் தூதுவன் பகட்டோடு சுமந்து வருவது போன்ற செய்தி. கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவின் மரபினர் இதை வெற்றியின் அதிபதி என்றார்கள், சிம்மத்தில் வியாழன் என்றார்கள். மறைத்து வைத்த உறவு வெளிச்சத்துக்கு வருகிறது, ஊர் வாழ்த்துகிறது. யார் வாசித்தாலும் இப்படித்தான் வாசிப்பார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

"அப்படியென்றால் எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லலாம். இந்தச் சீட்டு கூட்டத்தை அஞ்சுகிற சீட்டு இல்லை," என்றேன்.

அப்போதுதான் அவர் குனிந்து சீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பிறகு நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள், தனியாக. எல்லோரும் வந்தார்கள். அவள் எழுந்து சொன்னாள். ஒரு கணம் அமைதி, பிறகு கைதட்டல். எதிர்ப்பார் என்று அவள் பயந்திருந்த பெரியவரே முதலில் வந்து கட்டிக்கொண்டார். துணைவர் அவள் பக்கத்திலேயே நின்றார், சிரித்தார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். இரவு வீடு திரும்பிய பிறகு அவளிடம் சொன்னாராம்: "உன் வெற்றியை நானும் பார்த்தேன்." அதற்குப் பிறகு இருவரையும் சேர்த்து யாராவது அழைத்தால் ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருந்துவிடுகிறார். பிரியவில்லை. அன்பு குறைந்ததாகவும் அவள் சொல்லவில்லை. ஆனால் முன்பு மறைத்து வாழ்ந்தபோது இருந்த நெருக்கம் இப்போது இல்லை என்றாள்.

அவளுக்குமே பிறகுதான் முழுதாகத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. அவருக்கு முன்பு ஒரு உறவு இருந்தது. அதை எல்லோருக்கும் அறிவித்த சில மாதங்களில் அது முறிந்தது. வாழ்த்திய ஒவ்வொருவரிடமும் போய் அது நின்றுபோனதைச் சொல்ல வேண்டியிருந்தது. எய்ட் ஆஃப் ஸ்வோர்ட்ஸை நான் உறவினர் குறித்த அச்சம் என்று வாசித்தேன். அது அவளுடைய அச்சம். அவருடையது கைதட்டல் குறித்த அச்சம்.

"உங்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது," என்றாள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சீட்டு பொய்க்கவில்லை. ஐந்தாம் இடத்தில் கேட்ட கேள்விக்கு ஐந்தாம் இடம் சரியான பதிலைத் தந்தது. அறிவிப்பு எப்படிப் போகும்? வெற்றியாக. யாருடைய வெற்றியாக என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஒருவர் கேட்டார், நான் அவர் கேள்வியை மூடிவிட்டேன்.

அந்த விரிப்பை வீட்டில் மறுபடி பரப்பிப் பார்த்தேன். ஒருமுறை இல்லை, பலமுறை. அன்று கண்ணில் படாதது இப்போது உறுத்துகிறது. குயின் ஆஃப் வாண்ட்ஸும் சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸும் ஒரே இனம். அவளுடைய இடத்திலும் முடிவின் இடத்திலும் கோல். அந்தக் குதிரையில் இருப்பது யார் என்று விரிப்பே சொல்லியிருக்கிறது. இருவரும் சமமாகக் கொண்டாடும் அறிவிப்பாக இருந்தால் ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதில் நான்கு கோல்களின் மேல் மாலை தொங்கும், இரண்டு உருவங்கள் ஒன்றாகப் பூங்கொத்தை உயர்த்தும், குதிரை கிடையாது. யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வராத சீட்டை வைத்து வாசிப்பது முறையல்ல என்று கற்பவர்களிடம் நானே சொல்வேன். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவளாக, "சேர்ந்து போகிறீர்கள்" என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது ஹெர்மிட். மலையுச்சியில் தனியாக நிற்கும் முதியவர். அவர் கையிலும் ஒரு கோல் இருக்கிறது. குதிரைக்காரரின் கோலில் வாகை, ஊர் பார்க்க உயர்த்தியது. துறவியின் கோல் ஊன்றி நடக்க. மற்றொரு கையில் விளக்கு. அவர் ஒளியை மறைக்கவில்லை, அருகே வருபவருக்குக் காட்டுகிறார். நான் அன்று ஹெர்மிட்டை "இவர் கொஞ்சம் அமைதியானவர்" என்று ஒரு வரியில் கடந்தேன். அவரை ஐந்தாம் சீட்டோடு சேர்த்து வாசித்திருந்தால் வேறொரு வழி தெரிந்திருக்கும்: அவர் பக்கத்து மனிதர்களிடம் அவரே, ஒவ்வொருவராக, தன் வேகத்தில் சொல்லட்டும், அவளுடைய கூட்டத்தில் அவள் சொல்லட்டும். செய்தி அதே செய்திதான். ஊர்வலம் மட்டும் ஒன்றாக இருந்திருக்காது.

இதை எழுதும்போதே மனம் எதிர்வாதம் செய்கிறது. அதிலும் பொய் இல்லை. இருவர் சேர்ந்து வரும் வாசிப்பில் ஒருவருடைய சீட்டை மற்றவர் முன் எந்த அளவுக்குத் திறப்பது? "ஹெர்மிட் வந்திருக்கிறது, உங்கள் துணைவருக்கு இந்தக் கூட்டமான அறிவிப்பில் மனமில்லை" என்று அவள் முன்னால் சொல்லியிருந்தால், அவர் சொல்லாத ஒன்றை நான் அறிவித்திருப்பேன். தன் செய்தியைப் பிறர் கூவி அறிவிப்பதுதான் அவருடைய காயம் என்றால், அதே காயத்தை முதலில் நான் செய்தவளாகியிருப்பேன். அவருக்கு வாய் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிப்பவர் முடிவெடுப்பவர் இல்லை. இதையெல்லாம் நான் நம்புகிறேன்.

நம்பிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி திரும்ப வருகிறது. அவர் கேட்டதே அதற்காகத்தானே? நேராகச் சொல்ல முடியாததைப் படத்தைக் காட்டிக் கேட்டார். சீட்டு மேசையின்மேல் இருப்பதன் பயனே அதுதான், சொல்ல முடியாதவர் அதைத் தொட்டுக் காட்டலாம். நான் "ஆம், ஒருவர்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் போதும். அவள் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பாள். "ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவளே கேட்டிருக்கக்கூடும். யாருடைய இரகசியத்தையும் நான் திறந்திருக்க மாட்டேன்.

ஏன் நிறுத்தவில்லை? நேரம் முடிந்திருந்தது என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. நல்ல சீட்டு வரும்போது வாசிப்பவருக்கும் ஒரு சுகம் உண்டு. நல்ல செய்தி கொண்டுவந்த தூதுவன் நானே என்பதுபோல. அந்தச் சில நிமிடங்கள் அந்தக் குதிரையில் நானும் இருந்தேன்.

இப்போது இருவர் சேர்ந்து வந்தால் அறிவிப்பின் இடத்தில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு சீட்டுகள் வைக்கிறேன். இது சரியான திருத்தம் என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் இன்னொரு இணை வந்தார்கள், இதே கேள்வியோடு. ஒருவருக்கு த்ரீ ஆஃப் கப்ஸ், மற்றவருக்கு சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ் தலைகீழாக. வெயிட் தலைகீழுக்கு வாசலில் நிற்கும் வெற்றிபெற்ற எதிரியைக் கண்ட அச்சம் என்கிறார், காலவரையறையற்ற தாமதம் என்றும் சொல்கிறார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்: "உங்களில் ஒருவர் இன்னும் தயாராகவில்லை என்று தெரிகிறது." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய சீட்டு எது என்பது இருவருக்கும் தெரியும். தலைகீழ் வந்தவர் முகம் சிவந்து, "நான் தயார்தான்," என்றார், என்னைப் பார்த்து அல்ல, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து. அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை, எழுந்து போய்விட்டார்கள். அன்று நான் பேசாமல் இருந்ததற்கு இன்று பேசிவிட்டேனோ என்று தோன்றியது.

முதல் இணையின் அந்தப் பெண் இரண்டு நாட்களுக்கு முன் அழைத்தாள். மறுபடி ஒரு வாசிப்பு வேண்டும், இந்த முறை அவர் மட்டும் வருவார் என்றாள். "அவரே கேட்டாரா?" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "நான்தான் சொன்னேன், அவர் சரி என்றார்," என்றாள். அவரே அழைக்கட்டும், எப்போது வேண்டுமானாலும், என்று சொல்லிவிட்டு வைத்தேன். இதுவரை அழைப்பு வரவில்லை.